வீட்டில் ஒருவர் சூதாடினால் கணக்குகளை எப்படிப் பிரிப்பது: கேள்வி பதில்

கணவர் ஆன்லைனில் சூதாடுகிறார். இருவர் சம்பளமும் ஒரே கூட்டுக் கணக்கில் விழுகிறது. எங்கே தொடங்க?

உங்கள் சம்பளத்தை உங்கள் பெயரில் மட்டும் உள்ள கணக்குக்கு, முடிந்தால் வேறு வங்கிக்கு, மாற்றுங்கள். ஓடிபி உங்கள் போனுக்கே வரட்டும். கூட்டுக் கணக்கில் ஓவர்டிராஃப்ட், அதாவது இருப்புக்கு மேல் பணம் எடுக்கும் வசதி, இருந்தால் அதை உடனே நீக்கும்படி வங்கியிடம் சொல்லுங்கள். அதில் அவர் பணம் எடுத்தாலும் அந்தக் கடனை உங்களிடமும் கேட்பார்கள்.

அவர் சம்பளத்தை அவர் சம்மதமில்லாமல் தொட முடியாது. வங்கியில் இருந்த காலத்தில் நான் உட்கார்ந்து பேசிய ஒரு தம்பதிக்கு 1ஆம் தேதி சம்பளம், 5ஆம் தேதி வாடகை. 3ஆம் தேதி இரவே கணக்கு காலி. ஸ்டேட்மென்டை மேசையில் விரித்து வைத்துப் பேசிய பிறகு அவர் ஒப்புக்கொண்டார்: 1ஆம் தேதியே வாடகையும் தவணையும் தானாக மனைவி கணக்குக்குப் போகும், கைச்செலவு வாராவாரம் ப்ரீபெய்டு கார்டில் ஏறும். மூன்றாவது வாரம் சறுக்கினார். பழைய கிரெடிட் கார்டு எண் விளையாட்டுச் செயலியில் சேமிப்பிலேயே இருந்தது. அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

டெபிட் கார்டில் தினசரி வரம்பு வைத்துவிட்டேன். போதும்தானே?

பாதி சரி. பல வங்கிகளில் வரம்பு நள்ளிரவில் புதுப்பிக்கப்படும். 11:55க்கு ஒரு முறை, 12:05க்கு ஒரு முறை எடுத்தால் பத்தே நிமிடத்தில் இரண்டு நாள் பணம் போய்விடும். ஸ்டேட்மென்டில் அடுத்தடுத்த தேதியில் ஒரே தொகை தெரிந்தால் நேரத்தைப் பாருங்கள். கார்டுக்குப் பின்னால் இருக்கும் பணத்தைக் குறைப்பதுதான் உருப்படியான வழி.

தனிக் கணக்கு இருப்பதையே மறைக்கலாமா?

இருப்பதைச் சொல்லுங்கள். கடவுச்சொல்லைச் சொல்லாதீர்கள். அடி உதை பயம் இருந்தால் மட்டும் இது பொருந்தாது.

தம்பி கடனை ஒரே ஒரு முறை அடைத்துவிட்டால்?

கையில் காசு கொடுக்காதீர்கள். ஜாமீன் கையெழுத்தும் போடாதீர்கள்.

நான் பங்குச் சந்தையில் போடுகிறேன், மனைவி தனிக் கணக்கு கேட்கிறாள்…

வேறு கேள்வி. ஆனால் கொடுத்துவிடுங்கள்.

சூதாடுபவருக்குக் கார்டே கொடுக்கக் கூடாது சார். நான் எல்லாவற்றையும் பிடுங்கி வைத்தேன்.

அப்புறம் என்ன ஆனது?

நண்பர்களிடம் கடன் வாங்கினார். அது எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

அதனால்தான் சொல்கிறேன். சின்னத் தொகை கையில் இருந்தால் கணக்காவது கண்ணுக்குத் தெரியும்.

சூதாடியவன் பேசுகிறேன். வாரக் கார்டை நானே கேட்டு வாங்கினேன். ஆனால் ரசீது கேட்கும்போது பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருக்கும்.

ரசீது கேட்பதை நான் பரிந்துரைப்பதில்லை. ஞாயிறு காலை இருவரும் சேர்ந்து ஸ்டேட்மென்ட் பார்த்தால் போதும்.

போதாது சார். ரொக்கம் எடுத்தால் ஸ்டேட்மென்டில் என்ன தெரியும்?

எடுத்தது தெரியும், போன இடம் தெரியாது. கடையில் மட்டும் செல்லும், ரொக்கம் எடுக்க முடியாத கார்டு கிடைத்தால் வாங்குங்கள்.

டெபிட் கார்டில் வரம்பு எப்படி வைப்பது?

வரம்பு மட்டும் ஏன் போதாது என்று மேலே இரண்டாவது பதிலில் சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.