ஓமத் தண்ணீர் குடித்ததும் நெஞ்சடைப்பு விலகினால்

“என் கணவருக்கு 54 வயது, சர்க்கரை உண்டு. மூன்று மாதமாக வயிற்று உப்புசம், ஏப்பம், சில நாள் நெஞ்சடைப்பு. ஓமத் தண்ணீர், சீரகத் தண்ணீர், மோர், இஞ்சி எல்லாம் மாற்றி மாற்றிக் கொடுக்கிறேன். அப்போதைக்குச் சரியாகிறது, பிறகு பழையபடி. இதையே தொடரலாமா டாக்டர்?”

இந்த நான்கில் மனிதர்களிடம் நன்றாகச் சோதித்துப் பார்க்கப்பட்டது இஞ்சிதான். குமட்டலுக்கு, குறிப்பாகக் கர்ப்பகாலக் குமட்டலுக்கு, ஒரு நாளைக்குச் சுமார் 1 கிராம் சுக்குத்தூள் (ஏறக்குறைய அரை டீஸ்பூன்) உதவுகிறது. இரைப்பை சீக்கிரம் காலியாகவும் அது கொஞ்சம் துணை செய்கிறது. ஆனால் சிலருக்கு நெஞ்செரிச்சலைக் கூட்டிவிடும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தினமும் சாப்பிட வேண்டாம்.

ஓமத்தின் வாசனைக்குக் காரணமான தைமாலும் சீரகமும் ஆய்வுக்கூடத்தில் நல்ல பெயர் வாங்கியவை. மனிதர்களிடம் நடந்த சோதனைகளோ சிறியவை, குறைவு. எப்போதாவது வரும் உப்புசத்துக்குக் குடிக்கலாம், கெடுதல் இல்லை. பால் ஒத்துக்கொள்ளாதவருக்கு மோர் எளிதாகச் செரிக்கும். அவ்வளவுதான்.

எனக்குக் கவலை தருவது நீங்கள் எழுதிய நெஞ்சடைப்பு. என்னிடம் வந்த ஒரு மளிகைக் கடைக்காரர் ஞாபகத்துக்கு வருகிறார். அவருக்கும் சர்க்கரை. மாடிப்படி ஏறினால் “வாயு” வந்து நெஞ்சை அடைக்கும், உட்கார்ந்து ஓமத் தண்ணீர் குடிப்பார், ஐந்து நிமிடத்தில் ஏப்பம் விட்டுச் சரியாகிவிடும். ஓமம் கேட்கிறது என்றே ஆறு மாதம் நம்பினார். கேட்டது ஓமமல்ல, உட்கார்ந்ததுதான். நடக்கும்போது இதயத்துக்கு ரத்தம் போதவில்லை, ஓய்வெடுத்ததும் போதுமானதாகிவிட்டது. சும்மா படுத்திருக்கையில் எடுத்த இசிஜி சரியாகவே இருந்தது. ஆஞ்சியோகிராமில்தான் அடைப்பு தெரிந்தது.

அதனால் ஒன்றைக் கவனியுங்கள் அம்மா. நெஞ்சடைப்பு சாப்பிட்ட பிறகு வருகிறதா, நடந்தால், படியேறினால் வருகிறதா? நடக்கும்போது வந்து நின்றதும் போகிறது என்றால், அது வயிறு என்று வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே இதய டாக்டரிடம் காட்டுங்கள். இசிஜி நார்மல் என்றாலும் அத்தோடு விடாமல், நடக்கும்போது வருவதை அவரிடம் சொல்லுங்கள்.

சாப்பிட்ட பிறகு மட்டும் வந்தாலும் பரிசோதனை வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறாரா? உப்புசத்துக்கு அதுவே காரணமாகலாம், ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். பல வருடச் சர்க்கரையில் இரைப்பை மெதுவாகவும் வேலை செய்யலாம். எடை குறைவது, கறுப்பாக மலம் போவது, விழுங்கச் சிரமம் இருந்தால் எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப்போடாதீர்கள்.

என்றாவது அடைப்போடு வியர்த்துக் கொட்டினால், மூச்சு வாங்கினால், வலி தாடைக்கோ கைக்கோ பரவினால், ஓமத்தைக் கொதிக்க வைக்க நேரமில்லை. உடனே 108-ஐ அழையுங்கள்.