ஆட்டோட்யூன்: வந்த கேள்விகளும் என் பதில்களும்

புது மல்டிரோட்டரில் ஆர்டுபைலட் மென்பொருள் போட்டு, ட்ரோனை உதறிப் பார்த்துக் கட்டுப்பாட்டு எண்களான கெயின்களைத் தானே தேடும் ஆட்டோட்யூனை ஓட்டியவர்களிடமிருந்து இந்த முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பாதிக் கடிதங்களில் லாக் இணைக்கப்படவில்லை. அவற்றை ஓரமாக வைத்துவிட்டேன்.

"முடிந்தது என்று திரையில் செய்தி வந்தது. மறுநாள் பறக்கவிட்டால் பழைய மாதிரியே தொளதொளவென்று இருக்கிறது. ஏன்?"

ஸ்விட்சைக் கீழே தள்ளிவிட்டு இறக்கியிருப்பீர்கள். ஸ்விட்ச் கீழே போனதும் பழைய கெயின்கள் திரும்பிவிடும். ஆட்டோட்யூன் நிலையிலேயே தரையிறக்கி, அதே நிலையில் டிஸ்ஆர்ம் செய்தால்தான் புதியவை சேமிக்கப்படும்.

"காற்று எவ்வளவு இருக்கலாம்? எவ்வளவு உயரம் வேண்டும்?"

காற்றே இல்லாத விடியற்காலை நல்லது. மரக்கிளை ஆடினால் வீட்டுக்குத் திரும்புங்கள். ஒவ்வொரு உதறலையும் அளந்து பார்த்துத்தான் மென்பொருள் முடிவெடுக்கிறது. காற்று தள்ளியதையும் அது தன் உதறலின் விளைவாகவே எண்ணிக்கொள்ளும். உயரம் 15 மீட்டர் போதும். ஆள் நடமாட்டமில்லாத வெளி கட்டாயம், ஏனெனில் ஆல்ட்-ஹோல்டிலிருந்து தொடங்கினால் ட்ரோன் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும்.

"என் ட்ரோன் நடுங்குகிறது. என்ன செய்ய?"

எந்த ட்ரோன், எத்தனை அங்குல இறக்கை, எப்போது நடுங்குகிறது? இவற்றை எழுதாமல் கேட்டால் எனக்கும் ஒன்றும் தெரியாது.

"10 அங்குல இறக்கை, 4 செல் பேட்டரி, ஒன்றரைக் கிலோ. ரோலில் `ATC_RAT_RLL_D` 0.001-இலேயே நின்றுவிட்டது, பி-யும் 0.06-தான். இறக்கியதும் மோட்டாரைத் தொட முடியவில்லை. `AUTOTUNE_MIN_D`-ஐ இன்னும் குறைக்கலாமா?"

கூடாது. இந்தக் கேள்வி மாதம் தவறாமல் வருகிறது. ஒருவர் விடாமல் எல்லோரும் அடிவரம்பைக் குறைக்கத்தான் கேட்கிறார்கள்; அதிர்வைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

உங்கள் டி மதிப்பு எங்கே நின்றது என்று பாருங்கள். நீங்கள் வைத்திருந்த `AUTOTUNE_MIN_D`-உம் அதே 0.001. மென்பொருள் நல்ல மதிப்பைக் கண்டுபிடித்து அங்கே நிற்கவில்லை. இறங்க இடமில்லாமல் நின்றது. சட்டத்தை உதறிவிட்டு, எவ்வளவு திருப்பி அடிக்கிறது என்று அது ஜைரோவில் பார்க்கிறது. ஜைரோவில் மோட்டார் அதிர்வு கலந்திருந்தால் அதையும் திருப்பியடிப்பாகக் கணக்கிட்டு, டி அதிகம் என்று குறைத்துக்கொண்டே போகும். மோட்டார் சூடும் அதே இரைச்சலின் வேலைதான். டி கணக்கு இரைச்சலைப் பெருக்கிக் கொடுக்க, மோட்டார் வினாடிக்குப் பல பத்து முறை வேகம் ஏறி இறங்கித் துடிக்கிறது.

நீங்கள் அனுப்பிய லாக்கில் இன்னொன்றும் இருக்கிறது. `INS_GYRO_FILTER` ஆலைமதிப்பான 20-இலேயே கிடக்கிறது. 10 அங்குலத்துக்கு 40-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 20 என்றால் ஜைரோ சொல்வது தாமதமாக வந்து சேரும். தாமதத்தோடு டி-யை ஏற்ற எந்த மென்பொருளாலும் முடியாது. ஆனால் மோட்டார் அதிர்வை மட்டும் வெட்டியெடுக்கும் நாட்ச் ஃபில்டர் இல்லாமல் வெறுமனே 40-க்கு ஏற்றினால் இரைச்சல் இன்னும் உள்ளே வரும். ஆகவே வரிசை முக்கியம்.

முதலில் கையால் சோதியுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் பேட்டரி ஒயர் ஃப்ளைட் கன்ட்ரோலர் பெட்டியின் மேல் சாய்ந்து கிடக்கிறது. அடியில் ஸ்பாஞ்ச் ஒட்டி என்ன பயன், மேலிருந்து ஒயர் உதைத்தால்? அதை விலக்கிக் கட்டுங்கள். இறக்கைகளைச் சமநிலைப்படுத்துங்கள். மோட்டார் திருகுகள் நான்கும் இறுகியிருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு `INS_LOG_BAT_MASK` 1 என்று வைத்து இரண்டு நிமிடம் ஹோவர் செய்து லாக் எடுங்கள். உங்கள் மோட்டார் ஹோவரில் நிமிடத்துக்குச் சுமார் 5,400 சுற்று சுற்றுகிறது. அறுபதால் வகுத்தால் 90 ஹெர்ட்ஸ். அதிர்வெண் வரைபடத்தில் அந்த இடத்தில்தான் பெரிய முகடு தெரிய வேண்டும். அப்படியானால் இப்படி வையுங்கள்:

```
INS_HNTCH_ENABLE 1
INS_HNTCH_MODE   1
INS_HNTCH_FREQ   90
INS_HNTCH_BW     45
```

`INS_HNTCH_REF`-க்கு உங்கள் `MOT_THST_HOVER` மதிப்பைக் கொடுங்கள். `INS_LOG_BAT_OPT` 4 என்று வைத்து, ரீபூட் செய்து, மறுபடி ஹோவர் லாக் எடுத்து, ஃபில்டருக்குப் பின் முகடு அமுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே `INS_GYRO_FILTER` 40, ரோல், பிட்ச் இரண்டுக்கும் `FLTD` 20, `FLTT` 20. லாக்கின் `VIBE` மதிப்புகள் 30-ஐத் தாண்டக் கூடாது; 15-க்குள் இருந்தால் நிம்மதி. கெயின்களையும் ஆரம்ப மதிப்புக்கே கொண்டுபோங்கள். மோசமான ட்யூனிலிருந்து இன்னொரு ட்யூன் தொடங்க வேண்டாம். ஆட்டோட்யூன் அதற்குப் பிறகுதான். மறுபடியும் டி அடிவரம்பில் ஒட்டினால் அந்த முடிவைச் சேமிக்காதீர்கள், அதிர்வுக்கே திரும்புங்கள். அடிவரம்பைக் குறைப்பது காய்ச்சல்மானியை உடைப்பதுபோல்.

"நண்பர் அதே ஃபிரேம்தான் வைத்திருக்கிறார். அவர் பேராமீட்டரை அப்படியே போடலாமா?"

வேண்டாம். ஈஎஸ்சி வேறு, எடை வேறு.

"ரோல் முடிந்து பிட்ச் பாதியில் பேட்டரி எச்சரிக்கை வந்து, தானாகவே வீடு திரும்பி இறங்கிவிட்டது. ரோலாவது சேமிக்கப்பட்டிருக்குமா?"

இல்லை. மோடு மாறியதும் பழைய கெயின்கள் வந்துவிட்டன; இறங்கியதும் ஆட்டோட்யூனில் இல்லை. ஒரு பேட்டரிக்கு ஓர் அச்சு என்று பிரியுங்கள்: `AUTOTUNE_AXES` ரோலுக்கு 1, பிட்சுக்கு 2, யா-வுக்கு 4.

"நடுவில் திடீரென்று வெட்டி இழுக்கிறது. பயந்து ஸ்டிக்கைப் பிடித்துவிடுகிறேன். கெட்டுவிடுமா?"

கெடாது. ஸ்டிக் அசைந்ததும் பழைய கெயின் வந்து சோதனை நிற்கும், விட்டதும் தொடரும். நகர்ந்துபோன ட்ரோனைத் திரும்ப அழைத்துவரவும் இதே வழிதான். சுமார் 20 டிகிரி வெட்டு இயல்பு. உதறல் முடிந்தும் நடுக்கம் ஓயாமல் தொடர்ந்தாலோ, மோட்டார் சத்தம் கரகரவென்று மாறினாலோ உடனே ஸ்விட்சைக் கீழே தள்ளி இறக்குங்கள். திரையில் `failing to level` என்று வந்தால் சட்டம் சமநிலைக்கே வரவில்லை என்று பொருள். காற்று, கனம், ஆரம்ப கெயின் மூன்றில் ஒன்று சரியில்லை.

"புது கெயின் நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

எண்ணை மட்டும் பார்த்து மகிழாதீர்கள். புது கெயினோடு முதல் முறை எழும்பும்போது ஒரு மீட்டர் உயரத்திலேயே நிறுத்திக் காதைக் கொடுங்கள். சீரான சத்தம் வந்தால் மேலே போய், ஸ்டிக்கைச் சட்டென்று தட்டிவிட்டு விடுங்கள். ஒரே அசைவில் நிற்க வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடி நின்றால் கெயின் அதிகம். அடுத்து வேகமாகக் கீழே இறக்குங்கள். தன் காற்றுச் சுழலில் தானே இறங்கும்போதுதான் வரம்பில் நிற்கும் ட்யூன் அம்பலமாகும். இறக்கியதும் மோட்டாரைத் தொடுங்கள். விரல் நிற்கவில்லையா, மறுபடி பறக்காதீர்கள்.

லாக்கில் `RATE` பகுதியில் `RDes`, `R` இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரையுங்கள். `R` கொஞ்சம் பின்தங்கினாலும் கூடவே போக வேண்டும். `ROut` மட்டும் அடர்ந்த தூரிகைபோல் தடித்திருந்தால் இரைச்சல் மோட்டார் வரை போகிறது. `AUTOTUNE_AGGR` 0.1 வைத்து எடுத்த முடிவு படபடப்பாக இருந்தால் 0.075 அல்லது 0.05 வைத்து மீண்டும் ஓட்டலாம்.

"தெளிப்பான் ட்ரோன். தொட்டி நிறைந்தபோது ட்யூன் செய்வதா, காலியாக இருக்கும்போதா?"

காலியாக. நிறைந்த தொட்டியோடு கிடைத்த கெயினை வைத்துக்கொண்டு மருந்து தீர்ந்த ட்ரோனைத் திருப்பினால், இலேசான சட்டத்துக்கு அந்த கெயின் மிகையாகி ஆடத் தொடங்கும். காலியில் எடுத்த ட்யூன் நிறைந்தபோது சற்று மந்தமாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் நிறைந்த தொட்டியோடும் தண்ணீர் ஊற்றி ஒருமுறை ஹோவர் செய்து லாக் பாருங்கள். தடுப்புத் தகடு இல்லாத தொட்டியில் நீர் அலைமோதுவது மெதுவான ஆட்டமாகத் தெரியும். அதை எந்த ட்யூனும் தீர்க்காது, தொட்டியை மாற்றுங்கள்.