ஆய்வுகூட நேர அறிக்கை: சொன்ன நேரமும் வந்த நேரமும் (கேள்வி பதில்)

சுன்னாகத்திலிருந்து: ஐயா, எங்கள் ஆய்வுகூட மாத அறிக்கையில் தைரொயிட்டுக்கான ரீ.எஸ்.எச். பரிசோதனைக்குச் சொன்ன நேரம் 14 மணித்தியாலம், சராசரியாக எடுத்த நேரம் 12.4. ஆனாலும் தாமதம் என்று முறைப்பாடு ஓயவில்லை. ஏன்?

பதில்: சராசரியை ஒதுக்கிவைத்து, ஒவ்வொரு மாதிரியின் நேரத்தையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். பத்து மாதிரிகளில் எட்டு 8 மணித்தியாலத்திலும் இரண்டு 30 மணித்தியாலத்திலும் முடிந்தால், சராசரி சரியாக 12.4 வரும். ஆனால் 12.4 மணித்தியாலம் காத்திருந்தவர் ஒருவர்கூட இல்லை. முறையிடுபவர்கள் அந்த இருவருடைய வீட்டார்.

இந்தப் பிளவு பெரும்பாலும் ஓட்டத்தில், அதாவது மாதிரிகளைத் தொகுதியாக இயந்திரத்தில் ஏற்றும் முறையில், உருவாகிறது. மாதிரிகள் குறைவாக வரும் இடங்களில், இரசாயனச் செலவு கருதி ரீ.எஸ்.எச். மாதிரிகளைச் சேர்த்துவைத்து ஒரே ஓட்டமாகப் பார்ப்பார்கள். நெல்லியடியில் காலை 7 மணிக்கு எடுத்த குருதி 10 மணிக்கு நகருக்கு வந்து, உறைந்து, சுழற்றிப் பிரிக்கப்பட்டு, பிற்பகல் 1 மணி ஓட்டத்தில் ஏறினால் 3 மணிக்கு முடிவு தயார். அதே இடத்தில் 9 மணிக்கு எடுத்த குருதி அடுத்த வண்டியில் வந்து அந்த ஓட்டத்தைத் தவறவிட்டால், மறுநாள் 3 மணிக்குத்தான் முடிவு. இரண்டு மணித்தியாலப் பிந்தல் ஒரு முழு நாளாகிவிடுகிறது. ஊழியரை விரைவுபடுத்துவதால் இது தீராது. ஓட்டத்தைச் சற்றுப் பின்தள்ளுங்கள். முடியாவிட்டால், முதல் வண்டிக்குப் பிந்தி வருபவரிடம் அப்போதே “நாளை பின்னேரம்” என்று சொல்லுங்கள். அறிக்கையில் சராசரிக்குப் பதிலாக, பத்தில் ஒன்பது முடிவுகள் எவ்வளவு நேரத்துக்குள் வந்தன என்பதையும், சொன்ன நேரத்தைத் தாண்டியவை எத்தனை என்பதையும் போடுங்கள்.

சாவகச்சேரியிலிருந்து: குருதி எடுக்கும் நிலையமும் வண்டியும் எங்கள் கையில் இல்லை. மாதிரி ஆய்வுகூடத்துக்குள் வந்த நேரத்திலிருந்துதானே கணக்குத் தொடங்க வேண்டும்?

பதில்: உங்கள் வேலையை அளப்பதற்கு அது சரியான தொடக்கம். ஆனால் நோயாளிக்குக் கொடுத்த வாக்கு ஊசி குத்திய நேரத்திலிருந்து ஓடுகிறது. இரண்டையும் தனித்தனி நிரல்களில் வையுங்கள். வித்தியாசம்தான் வண்டியின் நேரம். குருதி எடுத்த நேரத்தை நம்புவதற்கு முன் படிவங்களைப் புரட்டிப் பாருங்கள். 7.00, 7.30, 8.00 என்று எல்லாமே முழு மணியிலும் அரை மணியிலும் நின்றால், அவை பின்னர் நினைவிலிருந்து எழுதப்பட்டவை.

கொக்குவிலிலிருந்து: என் அப்பாவின் பொட்டாசியம் பரிசோதனைக்குக் காலையில் குருதி கொடுத்தோம். பிறகு கூப்பிட்டு இரண்டாம் முறை எடுத்தார்கள். முடிவு பின்னேரம்தான் வந்தது. தாளில் 50 நிமிடம் என்றிருக்கிறது. இது பொய்க் கணக்கு இல்லையா?

பதில்: முதல் மாதிரியில் செங்குழியங்கள் உடைந்திருக்கக்கூடும். அவற்றுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்தால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும்; அதனால் திருப்பி எடுத்தது சரியான முடிவே. தவறு பதிவில் இருக்கிறது. நிராகரித்த மாதிரியை நீக்கி, இரண்டாவதைப் புதிய இலக்கத்தில் பதிந்ததும் கடிகாரம் பூச்சியத்திலிருந்து தொடங்கிவிட்டது. முதல் மாதிரியின் நேரத்தை இரண்டாவதோடு இணைத்துப் பதியும்படி பொறுப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள். அப்படி இணைத்தால், எந்த நிலையத்திலிருந்து வரும் மாதிரிகள் அதிகம் திருப்பப்படுகின்றன என்பதும் தெரியவரும்.

பருத்தித்துறையிலிருந்து: சிறுநீர்க் கல்ச்சருக்கு மூன்று நாள் என்கிறோம், அறிக்கையில் இரண்டு நாளுக்குள் முடிகிறது. அப்படியானால் இரண்டு நாள் என்றே அறிவிக்கலாமா?

பதில்: வேண்டாம், தங்கச்சி. கிருமி வளராத மாதிரிகள் முதலில் வெளியேறுகின்றன. அவை பெரும்பான்மையாக இருப்பதால் உங்கள் எண்ணும் குறைகிறது. வளர்ந்த மாதிரியோ ஓர் இரவு அடைகாப்புக்குப் பிறகு, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்க இன்னோர் இரவு தட்டில் இருக்க வேண்டும். கலந்து வளர்ந்திருந்தால் பிரித்தெடுக்க மேலும் ஒரு நாள். அதாவது, மருந்துக்காகக் காத்திருப்பவருக்கே முடிவு பிந்துகிறது. வளர்ந்தவை, வளராதவை என்று இரண்டு வரிகளாகப் பிரித்து எழுதுங்கள். கிருமி தெரிந்தவுடன் வைத்தியருக்குத் தொலைபேசியில் சொன்ன நேரத்தையும் பதியுங்கள்.

மானிப்பாயிலிருந்து: போயா தினத்தையும் ஞாயிறையும் கணக்கில் சேர்ப்பதா, கழிப்பதா? எங்களுக்குள் இணக்கம் இல்லை.

பதில்: நான் சேர்ப்பவன், நோயாளிக்கு விடுமுறை இல்லை. ஆனால் போயாவில் ஓட்டமே இல்லாத பரிசோதனையைச் சேர்த்தால், அந்த மாதத் தாமதம் ஊழியரின் குறையாகத் தோன்றும் என்பவர்களின் வாதத்தையும் தள்ள முடியவில்லை. எதைத் தேர்ந்தாலும் ஆண்டு நடுவில் மாற்றாதீர்கள். விதியை அட்டவணையின் தலையிலேயே எழுதிவிடுங்கள்.