ஹாட்பேக்கில் நமத்துப்போகும் வாஃபிள்

“மின்சார வாஃபிள் மேக்கர் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. பான்கேக்குக்குக் கரைக்கும் அதே மாவைத்தான் ஊற்றுகிறேன்: மைதா, பால், முட்டை, உருக்கிய வெண்ணெய். எடுக்கும்போது ஓரளவு மொறுமொறுப்பாக இருக்கிறது. ஆறு பேருக்கும் சுட்டு முடிப்பதற்குள் ஹாட்பேக்கில் வைத்தவை நனைந்த ரொட்டி போல ஆகிவிடுகின்றன. உள்ளேயும் பஞ்சு போல இல்லை. கோளாறு மாவிலா, மெஷினிலா?”

மெஷின் மேல் பழி போடாதீர்கள். பாதிக் குற்றம் மாவுடையது, மீதி ஹாட்பேக்குடையது. இட்லிக்கும் சப்பாத்திக்கும் ஹாட்பேக் நல்ல துணை. வாஃபிளுக்கு அதைவிடக் கெட்ட இடம் கிடையாது.

வாஃபிளின் மேல்தோல் மெல்லியது, நன்றாகக் காய்ந்தது. உள்ளே இருப்பதோ ஈரமான, கொதிக்கக் கொதிக்க ஆவி நிறைந்த பஞ்சு. அச்சிலிருந்து எடுத்த பிறகும் அந்த ஆவி வெளியே வந்துகொண்டுதான் இருக்கும். மூடிய பாத்திரத்தில் அது மூடியில் முட்டி, நீராகிச் சொட்டும். தட்டில் வைத்தாலும் அடிப்பக்கத்துக்கு விடிவு இல்லை. ஒரே ஈட்டில் எடுத்த இரண்டு வாஃபிள்களில் ஒன்றைப் பீங்கான் தட்டிலும் மற்றொன்றைக் கால் வைத்த கம்பித் தட்டிலும் வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடம் கழித்து முதலாவதைத் தூக்கினால், தட்டில் அதன் கட்டங்கள் அப்படியே வேர்வையாகப் பதிந்திருக்கும். அந்த நீர் வாஃபிளின் தோலிலும் ஏறியிருக்கும். கம்பித் தட்டில் வைத்ததை ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் வளையாமல் நிற்கும்.

இனி மாவுக்கு வருவோம். பான்கேக் மாவில் கொழுப்பு குறைவு. பான்கேக் மென்மையாக இருந்தால் போதும் என்பதால் அங்கே அது சரி. வாஃபிளின் தோல் அச்சோடு ஒட்டிப் பொரிவது போல வேக வேண்டும். அதற்குக் கொழுப்பு கூடுதலாக வேண்டும், அதுவும் நீர் இல்லாத கொழுப்பாக இருக்க வேண்டும். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குத் தண்ணீர்தான். வாசனையற்ற எண்ணெயில் அந்தத் தொல்லை இல்லை. வெண்ணெய் மணம் வேண்டும் என்றால் பாதி எண்ணெய், பாதி நெய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெய் என்பது நீரைக் காய்ச்சி விரட்டிய வெண்ணெய்தானே. பால் மட்டும் சில்லென்று இருக்கக் கூடாது. இருந்தால் நெய் உறைந்து மணிமணியாக நின்றுவிடும்.

இரண்டாவது, மைதா மட்டும் போதாது. அதிலுள்ள பசைப்புரதம் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு தோலை ரப்பர் போல ஆக்கும். மாவில் நாலில் ஒரு பங்கைக் கார்ன்ஃப்ளாராக மாற்றினால் பசை குறையும், தோல் மெல்லியதாகி நொறுங்கும். கடையில் கேட்கும்போது வெள்ளை வெளேரென்று இருக்கும் ஸ்டார்ச்சைக் கேளுங்கள். மஞ்சள் சோளமாவு வேறு பொருள். கார்ன்ஃப்ளார் இல்லையென்றால் நைசான அரிசிமாவும் கைகொடுக்கும். பஜ்ஜி மாவில் ஒரு பிடி சேர்ப்பதும் இதே கணக்குதான். ஆனால் அரிசிமாவில் தோல் சற்றுக் கடினப்படும்.

ஆறு வாஃபிளுக்கு என் அளவு இது. மைதா 120 கிராம், கார்ன்ஃப்ளார் 40 கிராம், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன் ஆகியவற்றைச் சேர்த்துச் சலித்துக்கொள்ளுங்கள். வேறொரு பாத்திரத்தில் அறைச் சூட்டில் உள்ள பால் 220 மில்லி, எண்ணெயும் நெய்யுமாக 75 மில்லி, இரண்டு முட்டையின் மஞ்சள் கரு. இவற்றைக் கலக்கி மாவில் ஊற்றி, உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாத வரைக்கும் மட்டும் கிளறுங்கள். சிறு கட்டிகள் இருந்தால் இருக்கட்டும். தேய்த்துத் தேய்த்துக் கரைத்தால் பசை முறுக்கேறும்.

உள்ளே பஞ்சு போல வர வெண்கருதான் காரணம். எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத கிண்ணத்தில் இரண்டு வெண்கருவை அடித்து, நுரை கட்டியதும் ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையைச் சேர்த்து, கரண்டியைத் தூக்கினால் நுனி லேசாக வளைந்து நிற்கும் பதத்தில் நிறுத்துங்கள். வறண்டு திட்டுத்திட்டாகப் பிரிந்தால் அடித்தது அதிகம். பிறகு கிளறாமல், அடியிலிருந்து மேலே புரட்டிப் புரட்டி மாவில் சேருங்கள். ஆறு வாஃபிள் சுட அரை மணிக்கு மேல் ஆகும், அதற்குள் நுரை தளர்ந்து கடைசி இரண்டும் கனத்துவிடும். அதனால் நான் மாவை இரண்டாகப் பிரித்து, முதல் பாதிக்கு ஒரு வெண்கருவும் மூன்று வாஃபிள் சுட்ட பிறகு அடுத்த பாதிக்கு இன்னொன்றுமாக அடித்துச் சேர்க்கிறேன். சர்க்கரையையும் இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் கூடுதல் வேலைதான். சர்க்கரையின் அளவை மட்டும் கூட்டாதீர்கள். நிறம் சீக்கிரம் ஏறிவிடும், உள்ளே வேகும் முன்பே எடுக்கத் தோன்றும், போதாக்குறைக்கு அது காற்றின் ஈரத்தையும் இழுக்கும்.

சுடும்போது மெஷினின் விளக்கை நம்ப வேண்டாம். பல மெஷின்களில் அது அச்சின் சூட்டைத்தான் சொல்கிறது, உங்கள் மாவின் நிலையை அல்ல. ஓரங்களிலிருந்து வரும் ஆவியைப் பாருங்கள். முதலில் புகைபோக்கி போல வரும், பிறகு மெலியும். அது ஏறக்குறைய நின்ற பிறகு இன்னும் அரை நிமிடம் விட்டுத் திறங்கள். மொத்தம் நாலைந்து நிமிடம் பிடிக்கும். மூடி லேசாகத் தூக்கினால் வராமல் இழுத்தால் இன்னும் வேகவில்லை என்று பொருள், பலவந்தம் செய்தால் இரண்டாகக் கிழியும். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஓரிரு நிமிடம் அச்சு மறுபடி சூடேறட்டும்.

எடுத்ததும் வாஃபிள் கொஞ்சம் துவண்டுதான் இருக்கும், பதற வேண்டாம். கம்பித் தட்டில் ஒரு நிமிடம் இருந்தால் விறைக்கும். அதன் பிறகும் வெளிறித் தொங்கினால் நேரம் போதவில்லை. முதலில் விறைத்து, இரண்டு நிமிடத்தில் தளர்ந்தால் உள்ளே ஈரம் மிச்சம் இருக்கிறது. அடுத்ததை ஒரு நிமிடம் கூடுதலாக விடுங்கள்.

ஓவன் இருந்தால் சுடத் தொடங்கும்போதே 100 டிகிரி செல்சியஸில் வைத்து, கம்பித் தட்டை உள்ளே செருகிவிடுங்கள். மின்விசிறி வசதி இருந்தால் அதையும் போடுங்கள். சுடச்சுட எடுத்த வாஃபிள்களை ஒன்றன் மேல் ஒன்று அடுக்காமல் பரப்பி வையுங்கள். அந்த உலர்ந்த சூடு, வெளியே வரும் ஆவியைத் தோலில் தங்கவிடாமல் கொண்டுபோகும். இதற்கும் எல்லை உண்டு. இருபது முப்பது நிமிடம் வரை நன்றாக இருக்கும், அதற்கு மேல் உள்ளேயும் காய்ந்து பிஸ்கட் ஆகத் தொடங்கும். ஆறு பேர் என்றால் முதல் வாஃபிள் அந்த எல்லையைத் தொட்டுவிடும். அதை நீங்களே எடுத்துக்கொள்ளலாம், சமைப்பவருக்கு அந்த உரிமை உண்டு.

ஓவன் இல்லாத வீட்டில் சூடாக வைத்திருக்கும் ஆசையை விட்டுவிடுவதே நல்லது. எல்லாவற்றையும் கம்பித் தட்டில் ஆறவிடுங்கள். பரிமாறும் நேரத்தில் ஒவ்வொன்றையும் சூடான அச்சில் ஒரு நிமிடம் திரும்ப வைத்து எடுங்கள். தோல் மறுபடி காய்ந்து மொறுமொறுத்துவிடும். கடற்கரை ஊர்களில் மழைக்காலத்தில் நான் இந்த வழியைத்தான் பின்பற்றுவேன், வெளிக்காற்றே ஈரமாக இருக்கும்போது கம்பித் தட்டு மட்டும் என்ன செய்யும்? தேனையும் சிரப்பையும் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், அவரவர் ஊற்றிக்கொள்ளட்டும்.

மீந்தால் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில் மாவுச்சத்து இறுகி, வாஃபிள் பழைய ரொட்டி போல வறண்டுவிடும். முழுதாக ஆறிய பிறகு ஃப்ரீசரில் வைத்து, உறைந்த நிலையிலேயே டோஸ்டரில் போடுங்கள்.