திறக்காத கடைக்கு விற்பனைக் கணக்கு

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் மாலை நேரத் தட்டுவடை செட் கடை போடப் போகிறேன். மாதம் எவ்வளவு விற்கும் என்று வங்கியில் கேட்கிறார்கள். திறக்காத கடைக்கு என்ன எழுதுவது?

பதில்: முதலில், உங்களைப் போலவே மாலையில் மட்டும், அதே விலையில் விற்கும் இரண்டு மூன்று கடைகளைத் தேர்ந்தெடுங்கள். ஊரறிந்த பழைய கடை வேண்டாம். அதன் கூட்டம் பல வருடங்களில் சேர்ந்தது, உங்களுக்கு முதல் வருடமே வராது. ஆரம்பித்து ஓரிரு வருடம் ஆன கடைதான் சரியான அளவுகோல்.

அங்கே ஆட்களை எண்ணாதீர்கள், தட்டுகளை எண்ணுங்கள். நாலு பேர் வந்து இரண்டு செட் வாங்குவதும் உண்டு. 4 மணியிலிருந்து 9 மணி வரை மணிக்கு 15 நிமிடம் எண்ணினால் போதும். 3, 4, 7, 6, 3 என்று வந்தால் கூட்டுத்தொகை 23. நாலால் பெருக்கினால் நாளுக்கு 92 தட்டு. ஒரு சாதாரண நாள், ஒரு சனி, ஒரு ஞாயிறு எண்ணுங்கள். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா வாரத்தில் மட்டும் எண்ண வேண்டாம், அந்தக் கூட்டம் மற்ற மாதங்களில் இருக்காது.

அடுத்து, மாலை 7 மணிக்குக் கால்மணி நேரம் அந்தக் கடை வாசலில் எத்தனை பேர் நடந்து போகிறார்கள், உங்கள் இடத்தில் எத்தனை பேர் என்று பாருங்கள். அங்கே 150, இங்கே 100 என்றால், 92-இல் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது உங்கள் மதிப்பு சுமார் 60 தட்டு.

இந்த 60 இன்னும் ஊகம்தான். அதே இடத்தில் ஒரு மேசை போட்டு இரண்டு வாரம் விற்றுப் பாருங்கள். முழு விலைக்கே விற்க வேண்டும். அறிமுகச் சலுகை கொடுத்தால் வருவது சலுகைக்கான கூட்டம். முதல் இரண்டு மூன்று நாள் சொந்தக்காரர்களும் நண்பர்களும் வாங்குவார்கள், அந்த நாட்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பலரும் தவறுவது இன்னொன்றில்: 40 தட்டுக்குச் சரக்கு கொண்டுபோய் 7 மணிக்கே தீர்ந்தால், தேவை 40 என்று எழுதிவிடுகிறார்கள். அது உங்கள் சரக்கின் அளவு. தீர்ந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, மறுநாள் கூடுதலாகக் கொண்டுபோய், கொஞ்சம் மிஞ்சும்வரை பாருங்கள்.

அப்படிப் பார்த்ததில் சராசரி 45 என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக் கடைக் கணக்கு 60 சொன்னாலும், வங்கிக்கு 45-ஐயே எழுதுங்கள். காசு கொடுத்து வாங்கியவர்களின் எண்ணிக்கை அது. செட் 30 ரூபாய், மாதம் 26 நாள் என்றால் 35,100 ரூபாய். 60 தட்டுக்கு வரும் 46,800-ஐ நல்ல மாத மதிப்பாகத் தனியே காட்டலாம். மாலை மழை பெய்யும் செப்டம்பர், அக்டோபருக்குக் குறைத்தே போடுங்கள்.

ஒரு செட்டுக்குச் சரக்குச் செலவு 14 ரூபாய் ஆனால் மிஞ்சுவது 16. 45 தட்டுக்கு மாதம் 18,720 ரூபாய். கடை வாடகை, ஆள் கூலி, கடன் தவணை மூன்றும் சேர்ந்து இதைத் தாண்டினால் அந்த இடத்துக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.