பத்து ரூபாய் கூட, நூறு பங்கும் சும்மா

கேள்வி: ஐயா, கிளிநொச்சிப் பக்கம் மூன்று கறவை மாடு வைத்திருக்கிறேன். நாளுக்கு 8 லீற்றர் போகும். பால் கூட்டுறவுச் சங்கத்தை விட கம்பனிக்காரர் லீற்றருக்கு 10 ரூபாய் கூடத் தருகிறார்கள். தொடர்ந்து ஊற்றினால் 100 பங்கும் தருவார்களாம். சங்கத்தை விட்டுவிடவா?

பதில்: தம்பி, முதலில் அந்தக் கம்பனியில் மொத்தம் எத்தனை பங்கு என்று கேளுங்கள். ஒரு லட்சம் என்று வையுங்கள், உங்கள் 100 ஆயிரத்தில் ஒன்று. வருடத்தில் 10 லட்சம் பிரித்தால் உங்களுக்கு 1,000 ரூபாய், மாட்டைக் கண்ணால் பார்க்காமல் 60,000 பங்கு வைத்திருப்பவருக்கு 6 லட்சம், வாக்கும் அந்தக் கணக்கில்தான். பால் விலையைக் குறைத்தால் லாபம் கூடும், அதில் உங்களுக்கு ஆயிரத்தில் ஒன்று வரும், விலையில் போனது முழுக்க உங்களுடையது. சங்கத்தில் பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு, மிஞ்சியதைப் பொதுக்கூட்டம் தீர்மானித்தால் ஊற்றிய லீற்றர் கணக்கில் பிரிக்கலாம். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், லீற்றருக்கு ஒன்றிரண்டு ரூபாய் போனஸ் வந்தாலும் அந்த 10 ரூபாயை ஈடுகட்டாது. சங்கம் ஏன் 10 ரூபாய் குறைவாகக் கொடுக்கிறது, திரைந்த பாலிலா, சம்பளத்திலா போகிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கடைசிப் பொதுக்கூட்டமும் கணக்காய்வும் எப்போது என்று கேட்டுப் பதில் வராவிட்டால், அது பெயருக்குத்தான் சங்கம், உள்ளே நாலு பேரின் கடை.

நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன், எனக்கு அதுதான் பெரிது. பால் விலையைத் தீர்மானிக்கும் கொழுப்பை யார், எங்கே பார்க்கிறார்கள்? உங்கள் கண்முன் பார்க்காத இடத்தில் 10 ரூபாய் என்பது வாய்ப்பேச்சு. பாலின் அடர்த்தியைப் பார்க்கும் லக்ரோமீட்டரை மட்டும் நம்பாதீர்கள், பாலாடையை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் அது சரியான அளவையே காட்டும். கானில் நின்ற பாலைக் கலக்காமல் அடியில் இருந்து மாதிரி எடுத்தால் கொழுப்பு குறைவாகத்தான் வரும், ஆடை மேலே நிற்கிறதே. உங்கள் பக்கமும் ஒரு பிழை இருக்கலாம். கடைசிப் பால்தான் தடிப்பு, அதைக் கன்றுக்கு விட்டுவிட்டு முன்பாலை ஊற்றுகிறவர்கள் கொழுப்பு இல்லை என்று சண்டை பிடிக்கிறார்கள். கன்றுக்கு விடுங்கள், ஆனால் அந்தச் சண்டையை மட்டும் விடுங்கள்.

அப்புறம், சேகரிப்பவர் கடனுக்குத் தீவனம் இறக்கினால் வாங்காதீர்கள். மூடை விலையில் அந்த 10 ரூபாய் திரும்பிப் போகும், கடன் தீரும்வரை வேறு இடத்தில் ஊற்றவும் முடியாது. காலபோகத்தில் மழைக்குப் புல் முளைத்துப் பால் பெருகும்போது, "இன்று கான் நிறைந்துவிட்டது" என்று வண்டி திரும்பினால் என்ன செய்வீர்கள்? அந்த நாளிலும் எடுப்பார்களா என்று எழுத்தில் கேளுங்கள்.

சங்கத்தின் உபவிதியில் தடை இல்லையென்றால், ஒரே காலைப் பாலை நன்றாகக் கலக்கிப் பாதி அங்கே, பாதி இங்கே என ஒரு மாதம் ஊற்றுங்கள். காலைப் பாலையும் மாலைப் பாலையும் ஒப்பிடக் கூடாது, மாலையில் கொழுப்பு இயல்பாகவே கூடும். இரண்டு இடத்துச் சீட்டையும் ஒரு கொப்பியில் ஒட்டி வைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.