அடுக்கு வட்டி: கணக்கில் வந்த தொகை சரியா?

"1 லட்சத்துக்கு மேல் 6% வட்டி என்றார்கள். 1,50,000 வைத்திருந்தும் 30 நாளுக்கு 493 தான் வந்தது. ஏன்?"

பெரும்பாலும் வங்கி சரியாகத்தான் போட்டிருக்கும். அடுக்கு வட்டி என்றால் இருப்பைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனி விகிதம் தருவது. முதல் குடம் நிரம்பிய பிறகு வழிவதுதான் அடுத்த குடத்தில் சேரும். 6% அந்த இரண்டாவது குடத்துக்கு மட்டும். பெரிய தொகையை ஈர்க்க வேண்டும், ஆனால் முழு இருப்புக்கும் உயர்வட்டி கொடுக்க வங்கிக்கு மனமில்லை!

முதல் லட்சத்துக்கு 3% என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஆண்டுக்கு 3,000, மீதி 50,000க்கு 6% என்றால் இன்னொரு 3,000. மொத்தம் 6,000. அதை 365ஆல் வகுத்து 30ஆல் பெருக்கினால் 493.15. சில வங்கிகள் முழு இருப்புக்கும் ஒரே விகிதம் தருவதுண்டு, அப்படியென்றால் 739.73 வந்திருக்க வேண்டும். எந்த முறை என்பது விதிமுறையில் இருக்கும்.

அப்புறம், மாத சராசரி இருப்பை வைத்துச் சரிபார்க்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தினசரி இருப்புக்கு வட்டி போடும் கணக்கில், இருப்பு அடுக்கைத் தாண்டி ஏறி இறங்கினால் அந்த விடை பொருந்தாது. ஒவ்வொரு நாளின் இறுதி இருப்பையும் தனித்தனியாகப் பிரித்துத்தான் கூட்ட வேண்டும்.